எட்டை எடுத்ததை ஆச்சி பார்த்தார்கள், நீங்கள் பார்க்கவில்லை

கேள்வி: அண்ணாச்சி, லீவுக்கு அம்பாசமுத்திரம் போனால் வீட்டில் எல்லாரும் ரம்மி ஆடுவோம். தோற்பது எப்போதும் நான்தான். ஆங்கிலத்தில் ஒரு ரம்மி புத்தகம் வாங்கிப் படித்தும் பிரயோஜனமில்லை. போன தடவை ஸ்பேட் 9-ஐப் போட்டேன், மச்சான் எடுத்து ரம்மி அடித்துவிட்டான். ஓரமாக உட்கார்ந்திருந்த ஆச்சி, 'ஏல, அவன் எட்டை எடுத்தானே, பார்க்கலியா?' என்றார்கள். (ஆச்சிக்குக் கை நடுங்கும், அதனால் ஆட்டத்தில் சேர்ப்பதில்லை.) நன்றாக ஆட எந்தப் புத்தகம் வாங்கலாம்?

பதில்: தம்பி, புத்தகக் கதையை முதலில் முடித்துவிடுவோம். நீங்கள் வாங்கியது அநேகமாக ஜின் ரம்மி புத்தகம். அது இரண்டு பேர், ஒரே கட்டு, கைக்குப் பத்து சீட்டு, ஜோக்கர் கிடையாது. நம் வீட்டு ஆட்டம் இரண்டு கட்டு, 13 சீட்டு, ஜோக்கர் உண்டு, ஜோக்கர் சேராத வரிசை ஒன்றாவது வேண்டும். இனி வாங்கும்போது உள்ளே 13 என்ற எண்ணும் ஜோக்கரும் வருகிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். அட்டையில் ஹாயில் பெயர் இருப்பதாலேயே நம்பிவிடவும் வேண்டாம். 1742-ல் விஸ்ட் ஆட்டத்துக்குப் புத்தகம் போட்ட அந்த மனிதர் ரம்மியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை, ஆனால் அவர் பெயரில் இன்னமும் ரம்மி விதி விற்கிறார்கள். விதியில் சண்டை வந்தால் தீர்க்க டேவிட் பார்லெட் தொகுத்த மாதிரி ஒரு தடிமனான சீட்டாட்டப் புத்தகம் அலமாரியில் இருக்கட்டும். அதைப் படித்து ஜெயித்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

கையில் இருக்கும் ஜின் புத்தகத்தையும் தூக்கிப் போட வேண்டாம். எதைக் கீழே போடுவது என்று ஒரு அத்தியாயம் இருக்கும், அது மட்டும் நம் ஆட்டத்துக்கும் பொருந்தும். 7, 8 கையில் இருந்தால் 6 வந்தாலும் சரி, 9 வந்தாலும் சரி. இரண்டு கட்டு என்பதால் உதவக்கூடிய சீட்டு மொத்தம் நாலு. அதுவே 7, 9 என்று இருந்தால் நடு 8 மட்டும்தான், இரண்டே சீட்டு. இந்தக் கணக்கை உங்கள் கைக்குப் போடுவது சுலபம், எதிராளி கைக்குப் போடுவதுதான் ஆட்டம்.

மச்சான் கீழே கிடந்த ஸ்பேட் 8-ஐ எடுத்தார். கவிழ்ந்த கட்டிலிருந்து எடுத்தால் யாருக்கும் தெரியாது, கீழே கிடந்ததை எடுத்தால் ஊருக்கே தெரியும். அவருக்கு எட்டு எதற்கு? எட்டுகளைச் சேர்க்கிறாரா, ஸ்பேட் வரிசை கட்டுகிறாரா? முன்னாலேயே அவர் ஆட்டின் 8-ஐப் போட்டிருந்தால் எட்டு சேர்ப்பது சந்தேகம், வரிசைதான். அப்படியானால் ஸ்பேட் 6, 7, 9, 10 நாலும் உங்கள் கையிலேயே கிடக்க வேண்டிய சீட்டுகள். அவர் விட்ட ஆட்டின் 8-க்குப் பக்கத்து 7-ஐயோ 9-ஐயோ போட்டிருந்தால் பெரும்பாலும் தொட்டிருக்க மாட்டார். நீங்களோ ஸ்பேட் 9-ஐத் தூக்கிக் கொடுத்தீர்கள்.

இதை ஆடாத ஒருவர், ஓரமாக உட்கார்ந்து, நாலு பேர் எடுத்ததையும் விட்டதையும் மனதில் வைத்துச் சொன்னார்கள். அதை எனக்கு எழுதிய நீங்களே, கை நடுங்கும், சேர்ப்பதில்லை என்று அடைப்புக்குறிக்குள் போட்டு ஒதுக்கிவிட்டீர்களே! எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். தார்சாவில் வட்டமாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டு, வீட்டின் மூத்தவரை வேடிக்கை பார்க்க வைப்பது எந்த ஊர் நியாயம்? நடுங்குவது கைதானே! அந்த நினைவை வாங்க எந்தக் கடைக்குப் போவீர்கள்?

தச்சரிடம் ஓர் அடி நீளக் கட்டையில் நீளவாக்கில் இரண்டு காடி, கொஞ்சம் பின்பக்கம் சாய்ந்தாற்போல் வெட்டித் தரச் சொல்லுங்கள். ஏழும் ஆறுமாகப் பிரித்துச் செருகினால் 13 சீட்டும் எண் தெரிய நிற்கும், கையில் பிடிக்கவே வேண்டாம். எண் பெரிதாக அச்சிட்ட சீட்டுக்கட்டும் கிடைக்கிறது, புத்தகத்துக்கு ஒதுக்கிய பணத்தில் அதை வாங்குங்கள். சீட்டு போட நேரமானால் ஆகட்டும். புளியங்கொட்டைக்கு ஆடுகிற ஆட்டத்துக்கு என்ன அவசரம்?

அப்புறம், உங்கள் வீட்டு விதிகளை, ஆஸ் ராஜாவுக்குப் பின்னால் வருமா, கடைசிப் புள்ளி எவ்வளவு என்பதையெல்லாம், ஆச்சி சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதுங்கள். அவர்கள் ஆடும்போது எதை விடுகிறார்கள் என்று பாருங்கள், ஏன் என்று ஆட்டம் முடிந்ததும் கேளுங்கள்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். உட்காரும்போது உங்களுக்கு அடுத்த கையாக ஆச்சியை வைத்துவிடாதீர்கள். நீங்கள் போடுவதெல்லாம் அவர்களுக்குத்தான் போகும்.