மகன் வாங்கிய வீட்டில் அம்மாவுக்குப் பங்கு உண்டா?

கேள்வி: என் அண்ணன் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். கல்யாணத்துக்கு முன்பே ஞானஸ்நானம் பெற்றுக் கிறிஸ்தவரானவர். சர்ச்சில்தான் கல்யாணம் நடந்தது. அவர் சம்பாத்தியத்தில் திருச்சியில் வாங்கிய வீடு இன்று 72 லட்சம் பெறும். அண்ணியும் ஒரு மகனும் ஒரு மகளும் இருக்கிறார்கள். அப்பா இல்லை. அம்மாவும் நானும் இந்துக்கள். அம்மா பெயரில் லால்குடியில் ஒரு சின்ன வீடு இருக்கிறது. தாலுகா ஆபீஸ் தந்த வாரிசுச் சான்றிதழில் அம்மா பெயரும் இருக்கிறது. ஆனால் அண்ணனின் வீட்டில் அம்மாவுக்குப் பங்கே கிடையாது என்கிறார் வக்கீல். பெற்ற தாய்க்கு எப்படிப் பங்கு இல்லாமல் போகும்?

பதில்: வக்கீல் சொன்னது சரிதான். கேட்க வருத்தமாக இருக்கும், ஆனாலும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. உங்கள் அண்ணன் கிறிஸ்தவராக, உயில் இல்லாமல், மனைவியையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு இறந்திருக்கிறார். அப்படியானால் அந்த வீடு மூன்று சம பங்காகும். அண்ணிக்கு 24 லட்சம், மகனுக்கு 24 லட்சம், மகளுக்கு 24 லட்சம். அம்மாவுக்கு எதுவும் வராது.

பங்கு கேட்பவர் எந்த மதம் என்பதைச் சட்டம் இங்கே முதலில் பார்ப்பதில்லை. இறந்தவர் எந்த மதம் என்பதைத்தான் பார்க்கிறது. அம்மா இந்து என்பதால் அவருக்கு இந்துச் சட்டம் பேசாது. வீடு அண்ணனுடையது, அதனால் அண்ணனின் சட்டம்தான் பேசும். கிறிஸ்தவர்களுக்கு அது 1925ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டம். வெள்ளைக்காரர்கள் ஆங்கிலேயச் சட்டத்தைத் தழுவி 1865இல் ஒரு வாரிசுச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதிலிருந்து வந்ததுதான் இதுவும். சொத்து மேலிருந்து கீழே இறங்க வேண்டும் என்பது அதன் கணக்கு. மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு. பிள்ளையோ பேரப்பிள்ளையோ ஒருவர் இருந்தால் போதும், சட்டம் பெற்றோர் பக்கம் திரும்பிப் பார்க்காது. அண்ணனுக்குக் குழந்தைகளே இல்லாமல் இருந்திருந்தால், அண்ணிக்குப் பாதி போக மீதிப் பாதியை அம்மாவும் நீங்களும் சமமாகப் பிரித்திருப்பீர்கள்.

இதே வீடு, இதே குடும்பம், ஆனால் அண்ணன் இந்துவாகவே இருந்து இறந்திருந்தால்? 1956ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டம் மனைவி, மகன், மகள், அம்மா நால்வரையும் முதல் வகுப்பு வாரிசுகளாக ஒரே வரிசையில் உட்கார வைக்கிறது. ஆளுக்கு 18 லட்சம். அப்பா உயிரோடு இருந்திருந்தாலும் அவருக்கு வராது, ஏனென்றால் அவர் இரண்டாம் வகுப்பு.

இஸ்லாமியராக, சுன்னி ஹனஃபி முறையைச் சேர்ந்தவராக இருந்திருந்தால் குர்ஆன் வகுத்த பங்கு. பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது 9 லட்சம். அம்மாவுக்கு ஆறில் ஒன்று, 12 லட்சம். மீதி 51 லட்சத்தில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. மகனுக்கு 34, மகளுக்கு 17. அங்கே மனைவியைவிடத் தாய்க்குக் கூடுதலாகவே போகிறது. ஆனால் மகளின் பங்கு மகனுடையதில் பாதிதான்.

அப்படியானால் வாரிசுச் சான்றிதழில் அம்மா பெயர் ஏன் வந்தது? என்னிடம் வருகிறவர்களில் பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். தாசில்தார் கொடுக்கும் சான்றிதழ், இறந்தவருக்கு இன்னின்னார் உறவு என்பதை மட்டும் சொல்கிறது. யாருக்கு எத்தனை பங்கு என்று அது சொல்லாது, சொல்லும் அதிகாரமும் தாசில்தாருக்குக் கிடையாது. ஆனாலும் நாளை அண்ணி வீட்டை விற்கப் போனால், பட்டியலில் பெயர் இருக்கிறது என்பதற்காக வாங்குகிறவரும் வங்கியும் அம்மாவின் கையெழுத்தைக் கேட்கக்கூடும். அப்போது ஒரு விடுதலைப் பத்திரம் நீட்டப்படும். அம்மா அதில் கையெழுத்துப் போடுவதால் எதையும் இழக்கப் போவதில்லை, ஏனென்றால் விட்டுக்கொடுக்கப் பங்கே இல்லை. ஆனால் பத்திரத்தை முழுதாகப் படித்துவிட்டுப் போடட்டும். திருச்சி வீட்டின் சர்வே எண் மட்டும் அதில் இருக்க வேண்டும், லால்குடி வீடு எங்கேயும் நுழைந்திருக்கக் கூடாது.

வழக்கு வேண்டாம் என்று நான் சொன்னாலும், இரண்டு விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். ஒன்று, கிரயப் பத்திரம். அண்ணன் பெயரோடு அம்மா பெயரும் வாங்குபவராக எழுதப்பட்டிருந்தால், அம்மாவின் பாகம் வாரிசுச் சட்டத்துக்குள்ளேயே வராது. அது ஏற்கெனவே அவருடைய சொத்து. இரண்டாவது, அண்ணன் உண்மையிலேயே மதம் மாறினாரா என்பது. உங்கள் விஷயத்தில் ஞானஸ்நானப் பதிவும் சர்ச்சுக் கல்யாணமும் இருப்பதால் சந்தேகத்துக்கு இடமில்லை. எல்லாக் குடும்பத்திலும் இப்படித் தெளிவாக இருப்பதில்லை. நம் ஊரில் பலர் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவார்கள், சாதிச் சான்றிதழில் இந்து என்றே இருக்கும். மதம் மாறினால் பட்டியல் சாதிச் சலுகை போய்விடும் என்ற பயம் அதற்கு ஒரு காரணம், அந்தப் பயம் நியாயமானதும்கூட. அப்படிப்பட்டவர் இறந்தால் ஒரு தரப்பு சாதிச் சான்றிதழைக் காட்டும், இன்னொரு தரப்பு சர்ச்சுப் பதிவேட்டைக் காட்டும். நீதிமன்றம் சாட்சிகளை விசாரித்து, அவர் வாழ்ந்த விதத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்யும். தாய்க்கு நான்கில் ஒன்றா, ஒன்றுமே இல்லையா என்பது அந்த முடிவில் தொங்கும்.

அம்மாவின் செலவுக்கு வழி என்ன என்றால், 2007ஆம் வருடப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் பிள்ளைகளிடம் மட்டுமல்ல, 18 வயது நிரம்பிய பேரன் பேத்தியிடமும் ஜீவனாம்சம் கேட்கலாம். கோட்டாட்சியரிடம் மனு கொடுக்க வேண்டும். மகள் என்ற முறையில் உங்களுக்கும் அந்தப் பொறுப்பு உண்டு.

அப்புறம் லால்குடி வீடு. நீங்கள் இதைக் கேட்கவில்லை, ஆனால் உங்கள் குடும்பத்தில் அடுத்த சண்டை இங்கேதான் வரும். அம்மா இந்து, அதனால் அந்த வீட்டுக்கு இந்துச் சட்டம். அவர் உயில் எழுதாமல் காலமானால், சாதாரணமாக அண்ணன் பிள்ளைகள் அண்ணனின் இடத்தில் நின்று பாதியை வாங்குவார்கள். ஆனால் அந்தச் சட்டத்தின் 26ஆவது பிரிவு குறுக்கே நிற்கிறது. மதம் மாறியவருக்கு, மாறிய பிறகு பிறந்த குழந்தைகள் தங்கள் இந்து உறவினரின் சொத்துக்கு வாரிசாக முடியாது. அந்த உறவினர் இறக்கும்போது அவர்கள் இந்துவாக இருந்தால் மட்டும் விதிவிலக்கு. மாறியவருக்கே இந்தத் தடை கிடையாது. அண்ணன் உயிரோடு இருந்திருந்தால் 1850ஆம் வருடச் சாதித் தடை நீக்கச் சட்டம் அவரைக் காப்பாற்றியிருக்கும். அவருடைய பிள்ளைகளுக்கு அந்தப் பாதுகாப்பு எட்டாது. ஆக, லால்குடி வீடு முழுதும் உங்களுக்கு வரும், பேரன் பேத்திக்கு ஒரு செங்கல்கூட வராது.

அம்மாவிடம் இதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பேரப்பிள்ளைகளுக்கும் பங்கு போக வேண்டும் என்று அவர் நினைத்தால், உயில் எழுதுவது ஒன்றே போதும். தன் சொந்தச் சொத்தை ஒரு இந்து யாருக்கு வேண்டுமானாலும், எந்த மதத்தவருக்கும், முழுதாகவே உயிலில் எழுதலாம். இரண்டு சாட்சிகள் அவர் கையெழுத்துப் போடுவதைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அந்தச் சாட்சிகள் நீங்களாகவோ அண்ணியாகவோ பிள்ளைகளாகவோ இல்லாமல் வெளியாட்களாக இருக்கட்டும். பதிவு கட்டாயமில்லை, ஆனால் இப்படி இரண்டு மதம் கலந்த குடும்பத்தில் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிடும்படிதான் நான் எப்போதும் சொல்வேன்.