கடன் பேரேட்டை எக்செலில் ஏற்றும்போது தேதிகளை ஒழுங்குபடுத்துவது எப்படி?

கேள்வி: எங்கள் ஊர்த் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் பழைய கடன் பேரேடுகளை எக்செலில் ஏற்ற வேண்டும். எல்லாம் கையெழுத்து. தேதி பக்கத்துக்குப் பக்கம் வேறு மாதிரி இருக்கிறது, சில வரிகளில் ஆண்டே இல்லை. ஒரே வடிவில் கொண்டுவர என்ன வழி?

பதில்:

முதல் விதி, தேதியை ஒரே கட்டத்தில் தட்டச்சு செய்யாதீர்கள். நாள், மாதம், ஆண்டு மூன்றும் தனித்தனிக் கட்டங்களில் வெறும் எண்களாக இருக்கட்டும். முழுத் தேதியை எக்செலே சேர்த்து எழுதட்டும்.

காரணம் இதுதான். பேரேட்டை எழுதியவர் 5/2, 5-2-04, 5.2.2004 என்று எப்படி எழுதினாலும் முதலில் நாள், அடுத்து மாதம் என்ற வரிசையை மாற்றுவதில்லை. குழப்பம் கணினியில்தான் தொடங்குகிறது. கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் 5/2 என்பது மே 2 ஆகிவிடும். 25/2 என்று அடித்தாலோ 25 என்ற மாதம் இல்லாததால் அது வெறும் எழுத்தாகவே நிற்கும். ஆக ஒரே பத்தியில் பாதி தேதி தவறாகவும் பாதி தேதியாகவே இல்லாமலும் போகும். கட்டத்தில் சில தேதிகள் வலப்பக்கமும் சில இடப்பக்கமும் ஒட்டி நின்றால் இதுதான் நடந்திருக்கிறது. ஆண்டு போடாமல் 12/7 என்று அடித்தால் எக்செல் இந்த ஆண்டைச் சேர்த்துக்கொள்ளும். '28' போன்ற ஈரிலக்க ஆண்டும் ஆபத்து: வழக்கமான அமைப்பில் 00 முதல் 29 வரை 2000-களுக்கும், 30 முதல் 99 வரை 1900-களுக்கும் போகும்.

பத்திகளை இப்படி வையுங்கள்: A பக்க எண், B வரி எண், C பேரேட்டில் உள்ளபடியே தேதி, D நாள், E மாதம், F ஆண்டு, G முழுத் தேதி, H ரசீது எண், I விவரம், J பற்று, K அசல் வரவு, L வட்டி வரவு, M நிலுவை, N அந்தப் பக்கத்தின் கணக்கு ஆண்டு தொடங்கும் ஆண்டு, O குறிப்பு. தட்டச்சைத் தொடங்கும் முன் C, H இரண்டையும் 'உரை' வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். ரசீது எண்ணை மறந்துவிடுகிறார்கள். ரசீதுப் புத்தக எண்ணும் தாள் எண்ணும் சேர்ந்து 12/45 என்று வரும்போது எக்செல் அதையும் தேதியாக்கிவிடும். பிறகு வடிவத்தை மாற்றினாலும் மூல எண் திரும்ப வராது.

ஆண்டைப் பெரும்பாலும் பக்கத் தலைப்பிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும். தலைப்பில் 2003-04 என்றிருந்தால் அந்தப் பக்கத்தின் எல்லா வரிகளிலும் N-இல் 2003 என்று நிரப்புங்கள். ஏப்ரல் முதல் டிசம்பர் வரை அதே ஆண்டு, ஜனவரி முதல் மார்ச் வரை அடுத்த ஆண்டு:

```
F2:  =IF(E2>=4, N2, N2+1)
G2:  =F2&"-"&TEXT(E2,"00")&"-"&TEXT(D2,"00")
```

இப்படி வரும் `2004-02-05` எந்தக் கணினியில் திறந்தாலும் ஒரே பொருள்தான் தரும், அகரவரிசையில் அடுக்கினாலும் காலவரிசையாகவே நிற்கும். பழைய புத்தகங்களில் கூட்டுறவு ஆண்டு ஜூலையில் தொடங்கி ஜூனில் முடிந்திருக்கலாம். ஆண்டிறுதி நிலுவை எந்தத் தேதியில் எடுக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஜூன் 30 என்றால் சூத்திரத்தில் 4-க்குப் பதில் 7 போடுங்கள். இதைப் புத்தகத்துக்குப் புத்தகம் பார்க்க வேண்டும்.

தவணைத் தேதிக்கும் 'வட்டி எதுவரை கட்டப்பட்டது' என்ற தேதிக்கும் இந்தச் சூத்திரம் பொருந்தாது. 2003-04 பக்கத்தில் உள்ள கடனுக்குத் தவணை அடுத்த கணக்கு ஆண்டில் விழலாம். அவை இருந்தால் அவற்றுக்கும் தனியாக நாள், மாதம், ஆண்டு என்று மூன்று பத்திகள் வைத்து, ஆண்டைக் கையால் இடுங்கள்.

எக்செலின் DATE சூத்திரம் இல்லாத தேதியையும் ஏற்றுக்கொள்ளும். 31/4 கொடுத்தால் பிழை காட்டாமல் மே 1 என்று தரும். அதனால் அதைத் தேதி உருவாக்கப் பயன்படுத்தாமல் சோதனைக்கு மட்டும் பயன்படுத்துங்கள். காலியாக உள்ள P பத்தியில்:

```
P2:  =AND(DAY(DATE(F2,E2,D2))=D2, MONTH(DATE(F2,E2,D2))=E2)
```

FALSE வந்த வரிகளை மட்டும் மூலத்தோடு ஒப்பிட்டால் போதும்.

அடுத்த சிக்கல் 'மேற்படி'. ஒருவர் ௸ என்று போடுவார், ஒருவர் 'ஷை' என்பார், ஒருவர் இரட்டைக் கோடு இடுவார், இன்னொருவர் ஆங்கிலத்தில் 'do' என்று எழுதுவார். எல்லாம் ஒன்றே. ஆனால் அந்தக் குறி எந்தப் பத்தியில் நிற்கிறதோ அந்தப் பத்திக்கு மட்டுமே பொருந்தும். தேதிக்குக் கீழே இருந்தால் தேதி மட்டும் மேற்படி, விவரம் வேறாக இருக்கலாம். C-இல் குறியை அப்படியே அடித்துவிட்டு D, E-யில் உண்மையான எண்களை நிரப்புங்கள். பக்கத்தின் முதல் வரியிலேயே ௸ இருந்தால் முந்தைய பக்கத்தின் கடைசித் தேதி. நிழற்படத்திலிருந்து அடிப்பவர்கள் பக்கங்களை வரிசை மாற்றி எடுத்திருந்தால் இங்கேதான் வழுக்கும். மிகப் பழைய ஏடுகளில் ௳ (நாள்), ௴ (மாதம்), ௵ (வருடம்), ௶ (பற்று), ௷ (வரவு) குறிகளும் தமிழ் எண்களும் வரலாம். தமிழ் மாதத்தில் தேதி இருந்தால் C-இல் அப்படியே விட்டு, ஆங்கிலத் தேதியை அந்த ஆண்டுப் பஞ்சாங்கம் பார்த்து நிரப்புங்கள். தமிழ் மாதங்களின் நீளம் 29 முதல் 32 நாள் வரை மாறுவதால் மனக்கணக்கு ஒரு நாள் பிசகும்.

'கொண்டு வந்தது', 'கொண்டு சென்றது' வரிகள் பரிவர்த்தனை அல்ல. அவற்றில் பற்று, வரவைக் காலியாக விட்டு நிலுவையை மட்டும் ஏற்றி, குறிப்பில் பெயரை எழுதுங்கள். இல்லையென்றால் மொத்தம் இரட்டிப்பாகும். தொகையை 2750 என்று வெறும் எண்ணாக அடியுங்கள். 2,750-00, 2750=00, 2750/- எல்லாவற்றிலும் கடைசிக் குறிகள் பைசாவைக் காட்டவோ முடிவைக் காட்டவோ போட்டவை. 1957 ஏப்ரலுக்கு முந்தைய ஏடு என்றால் ரூபாய், அணா, பை மூன்றையும் மூன்று பத்திகளாக வையுங்கள், 16 அணா ஒரு ரூபாய்.

இனி சரிபார்ப்பு. கடன் பேரேட்டில் ஒவ்வொரு வரியிலும் நிலுவை இருப்பது பெரிய வசதி. ஒரே கடனுக்குள், முந்தைய நிலுவையோடு பற்றைக் கூட்டி அசல் வரவைக் கழித்தால் இந்த வரியின் நிலுவை வர வேண்டும்:

```
Q3:  =ROUND(M2+J3-K3-M3, 2)
```

விடை சுழியம் இல்லாத இடத்தில் வித்தியாசமே தடயம். ஒரு மாதிரிப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். தலைப்பு 2003-04, வட்டி 12 சதவீதம். 12/7-இல் 15,000 கடன். 3/11-இல் அதுவரை சேர்ந்த வட்டியோடு 4,000 அசல் வரவு, நிலுவை 11,000. அடுத்த வரியில் தேதி மங்கல், அசல் 2,150 போலத் தெரிகிறது, வட்டி 340, நிலுவை 8,250. 2,150 என்று அடித்தால் Q-இல் 600 வருகிறது. ஒரே ஓர் இலக்கம் 6 என்ற அளவில் பிசகினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது 1, 7 குழப்பத்தை. 0, 6 குழப்பமும் அதே 6 தரும். நூறாம் இடத்தில் இருப்பது 7, அதாவது தொகை 2,750. கணக்கு சரியாகிறது. வித்தியாசம் 5 என்றால் 3, 8 அல்லது 4, 9. ஒன்பதால் வகுபட்டால் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம், 1,540-ஐ 1,450 என்று அடிப்பது போல. வரவைப் பற்றில் அடித்தாலோ வித்தியாசம் அந்தத் தொகையின் இரு மடங்கு.

மங்கிய தேதிக்கு வட்டியே சாட்சி. தேதி 5/2-ஆ 5/3-ஆ என்று தெரியவில்லை என்போம். வட்டி = அசல் × வீதம் × நாட்கள் ÷ 36500. 3/11/2003 முதல் 5/2/2004 வரை 94 நாள்: 11000 × 12 × 94 ÷ 36500 = 339.95, ரூபாய்க்கு முழுமையாக்கினால் 340. மார்ச் 5 வரை 123 நாள் என்றால் 445 வந்திருக்கும். ஆகவே 5/2 தான். இந்தக் கடனில் ஒரு நாளுக்கு 3.62 ரூபாய் என்பதால் நாள் இலக்கம் மங்கியிருந்தாலும் இதே வழியில் கண்டுபிடிக்கலாம், ஆனால் வாங்கிய நாளையும் கட்டிய நாளையும் இரண்டுமே எண்ணும் வழக்கம் இருந்தால் ஒரு நாள் கூடும். தெளிவான இரண்டு வரிகளில் முதலில் போட்டுப் பார்த்து வழக்கத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். வட்டிப் பத்தி இல்லையென்றால் ரசீது எண்ணைப் பிடியுங்கள். அதற்கு முந்தைய, பிந்தைய எண் ரசீதுகள் நாளேட்டில் எந்தத் தேதியில் வரவாகியிருக்கின்றன என்று பார்த்தால் இடையிலுள்ளது தானே தெரியும்.

இப்படிக் கணக்கிட்டுக் கண்டுபிடித்த எண்ணுக்குக் குறிப்புப் பத்தியில் 'வட்டியிலிருந்து பெறப்பட்டது' என்று எழுதுங்கள். எழுத்தர் கூட்டலிலேயே தவறியிருந்தால் அவர் எழுதிய நிலுவையையே அடித்து, குறிப்பில் சரியான தொகையைச் சொல்லுங்கள். மூலத்தைத் திருத்துவது தணிக்கையாளர் வேலை. தட்டச்சில் நீங்களே சத்தமில்லாமல் சரிசெய்தால் புத்தகமும் கோப்பும் பின்னால் ஒத்துப்போகாது. படிக்கவே முடியாத தொகையைக் காலியாக விட்டு குறிப்பில் '2?50' என்று எழுதுங்கள். தொகைக் கட்டத்திலேயே கேள்விக்குறி போட்டால் அந்த வரியின் கணக்கு #VALUE! பிழையாகிவிடும்.

சேமிக்கும்போது `CSV UTF-8` வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள், சாதாரண CSV-யில் தமிழ் கேள்விக்குறிகளாகிவிடும். அந்தக் கோப்பை இரட்டைச் சொடுக்கிட்டுத் திறந்தால் எக்செல் G பத்தியையும் ரசீது எண்களையும் மறுபடி தேதியாக்கும். `Data > From Text/CSV` வழியாகத் திறந்து, `Transform Data`-வில் தேதி, ரசீது பத்திகளை உரையாகத் தேர்ந்தெடுங்கள். சூத்திரங்களோடு கூடிய மூலக் கோப்பை `.xlsx` ஆகவே தனியாக வைத்துக்கொள்ளுங்கள், CSV-யில் சூத்திரங்கள் போய் மதிப்புகள் மட்டுமே மிஞ்சும்.