பிளாங்கைக் கழித்தால் பேக்ரவுண்ட் போய்விடுமா?

கேள்வி: பாளையங்கோட்டையில் எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்காக ஐஎல்-6 சாண்ட்விச் எலிசா செய்கிறேன். பூஜ்ஜிய ஸ்டாண்டர்டு இரண்டு குழிகளில் 0.41, 0.49 காட்டுகிறது. கையேடு 0.1க்குக் கீழே வர வேண்டும் என்கிறது. சராசரியைக் கழித்து 4PL வளைவு போட்டால் R² 0.998. இதையே எழுதிவிடலாமா?

பதில்: குறைந்த செறிவு மாதிரிகளுக்கு எழுத வேண்டாம். எல்லாக் குழிகளின் ஓடியிலிருந்தும், அதாவது ஒளியடர்த்தி அளவிலிருந்தும், ஒரே எண்ணைக் கழித்தால் வளைவு மொத்தமாகக் கீழே இறங்கும், அவ்வளவுதான். கிடைக்கும் செறிவு மாறாது. சமன்பாட்டைப் பாருங்கள்:

```
y = d + (a - d) / (1 + (x/c)^b)
```

a என்பது பூஜ்ஜியச் செறிவின் ஓடி, d உச்ச ஓடி, c நடுப்புள்ளியின் செறிவு, b சரிவு. உங்கள் a 0.45. மற்றவை d = 2.6, c = 180, b = 1.1 என்று வைத்துக்கொள்வோம். மில்லிலிட்டருக்கு 7.8 பைக்கோகிராம் ஸ்டாண்டர்டு 0.516 காட்ட வேண்டும். அதே குழி 0.55 காட்டினால், திருப்பிக் கணக்கிடும்போது 11.6 வருகிறது, ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. உங்கள் பிளாங்க் இரண்டுக்கும் இடையிலேயே 0.08 வித்தியாசம் இருக்கிறதே! R² இதைக் காட்டாது, உயர் புள்ளிகள்தான் அதைத் தூக்கிப் பிடிக்கின்றன. ஒவ்வொரு ஸ்டாண்டர்டையும் இப்படித் திருப்பிக் கணக்கிட்டு, உண்மைச் செறிவிலிருந்து 20 சதவீதத்துக்குள் வருகிற புள்ளிகளுக்கு இடைப்பட்ட மாதிரிகளை மட்டும் நம்புங்கள்.

சரி, பேக்ரவுண்ட் எங்கிருந்து வருகிறது? அடுத்த பிளேட்டில் மூன்று கட்டுப்பாடுகளை இரண்டிரண்டு குழிகளில் வையுங்கள். ஒன்றில் டிஎம்பியும் ஸ்டாப் கரைசலும் மட்டும். அடுத்ததில் டிடெக்‌ஷன் ஆன்டிபாடி தவிர எல்லாம். மூன்றாவதில் கேப்சர் ஆன்டிபாடி தவிர எல்லாம், ஐஎல்-6 சேர்க்காமல். முதலாவதே உயர்ந்தால் டிஎம்பி கெட்டிருக்கிறது. இரண்டாவது உயர்ந்தால் ஸ்ட்ரெப்டாவிடின்-எச்ஆர்பி ஒட்டுகிறது, அதை இன்னும் நீர்த்துப் போட்டு வாஷைக் கூட்டுங்கள். மூன்றாவது மட்டும் உயர்ந்தால் டிடெக்‌ஷன் ஆன்டிபாடி பிளாஸ்டிக்கில் ஒட்டுகிறது, அப்போது பிளாக்கிங்கைத்தான் பார்க்க வேண்டும். மூன்றும் தாழ்ந்து, பூஜ்ஜிய ஸ்டாண்டர்டு மட்டும் உயர்ந்தால் இரண்டு ஆன்டிபாடிகளும் ஒன்றையொன்று பிடிக்கின்றன, அல்லது ஸ்டாண்டர்டு கரைசலில் ஐஎல்-6 கலந்திருக்கிறது.

பிளாங்கைப் பிளேட்டின் மூலையில் வைத்திருந்தால் அங்கிருந்து எடுத்துவிடுங்கள். ஓரக்குழிகள் நடுவைவிட வேகமாகச் சூடேறும். அவற்றில் பஃபரை மட்டும் நிரப்புங்கள். மீதி 60 குழி. ஏழு ஸ்டாண்டர்டும் பூஜ்ஜியமும் B வரிசையில் 2 முதல் 9 வரை ஒருமுறை, G வரிசையில் 10 முதல் 3 வரை தலைகீழாக இன்னொருமுறை. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் சாய்வு பிளேட்டில்தான் இருக்கிறது. கட்டுப்பாடுகள் போக, 19 மாதிரிகளை இரட்டையாக வைக்க இடமிருக்கும்.

அப்புறம், கையேட்டில் உள்ள 'அறை வெப்பநிலை' பெரும்பாலும் 20-25 டிகிரி. மே மாதத் திருநெல்வேலியில் ஏசி இல்லாத அறை அதைத் தாண்டிவிடும், டிஎம்பியும் வேகமாக நிறம் ஏறும். கரண்ட் போனால் டிஎம்பி கட்டத்தைத் தொடங்காதீர்கள். நேரத்தைக் குறைத்தால் பிளாங்கோடு சிக்னலும் சேர்ந்தே இறங்கும், ஆகவே முதலில் அந்த மூன்று கட்டுப்பாடுகளின் ஓடியைப் பாருங்கள்.