கொசுவுக்குக் கொங்குத் தமிழ்

கேள்வி: கோபி பக்கத்துப் பள்ளியில் 6, 7-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டெங்கு நாடகம் போடுகிறோம். வசனமெல்லாம் அரசு அறிவிப்பு மாதிரி இருக்கிறது. சிரிக்கிற மாதிரி எப்படி மாற்றுவது?

எல்லோருடைய வசனத்தையும் மாற்றாதீர்கள். எல்லோருமே வேடிக்கையாகப் பேசினால் எதுவும் தனியாகத் தெரியாது. சுகாதார ஆய்வாளர் அறிவிப்பு நடையிலேயே பேசட்டும். கொசுவுக்கு மட்டும் நம்ம ஊர்ப் பேச்சு, அதுவும் ரொம்ப மரியாதையாக.

'ஏடிஸ் கொசு தேங்கிய நல்ல நீரில் முட்டையிடும், பகலில் கடிக்கும்' என்ற வரியை எடுத்துக்கொள்வோம்.

கொசு: ஏனுங்க, வாடகைக்கு வீடு கெடைக்குங்களா?
ஆய்வாளர்: சாக்கடை அந்தப் பக்கம் உள்ளது.
கொசு: அய்யோ, நமக்குச் சுத்தமான தண்ணிதானுங்க ஆகும். அந்தப் பழைய டயர் போதுங்க.
ஆய்வாளர்: இரவில்தானே கடிப்பாய்?
கொசு: இல்லீங்க, நமக்குப் பகல் டூட்டிங்க!

இங்கே தகவலை எடுத்துவிட்டால் சிரிப்பும் போய்விடும். அப்படித்தான் இருக்க வேண்டும். தகவலைச் சொல்லி முடித்துவிட்டுத் தனியாக ஒரு ஜோக் சேர்த்தால், பிள்ளைகள் ஜோக்கை மட்டும்தான் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்.

சிரிப்பு வரும் சொல் வரியின் கடைசியில் வரட்டும். அதற்குப் பின்னால் முக்கியமான வசனம் உடனே வேண்டாம், சிரிப்புச் சத்தத்தில் கேட்காது.

ஆனால் காய்ச்சல் வந்த பிள்ளையை வைத்துச் சிரிக்க வைக்காதீர்கள். அந்தக் கூட்டத்தில் டெங்கு வந்து படுத்த குழந்தை இருக்கலாம்.

ஒத்திகையில் நாலு பிள்ளைகளை உட்கார வைத்து, 'கொசு எங்கே வீடு கேட்டது, எப்போது கடிக்கும்?' என்று கேளுங்கள். பதில் வராத இடத்தைத் திருத்தி எழுதுங்கள்.