பதில் வராத தோழிக்கு அடுத்த மெசேஜ்

"அஞ்சு வாரமா என் தோழி எந்த மெசேஜுக்கும் பதில் போடல. 'என் மேல கோபமா?'ன்னு கேட்டும் பதில் இல்ல. மறுபடி அனுப்பலாமா?"

அனுப்புங்கள், ஆனால் கேள்வி இல்லாமல். 'கோபமா?' என்று கேட்டால், அவர் தன் கஷ்டத்துக்கு நடுவே உங்களையும் சமாதானப்படுத்த வேண்டியிருக்கிறது. நாள் ஆக ஆக, பதிலோடு விளக்கமும் மன்னிப்பும் சேர்த்துத் தர வேண்டுமே என்ற கூச்சம் ஏறும். பலர் அங்கேதான் நின்றுவிடுகிறார்கள். அந்தக் கடனைத் தள்ளுபடி செய்வதுதான் உங்கள் மெசேஜின் வேலை:

"உன் ஞாபகம் வந்தது. பதில் போடணும்னு இல்லை, விளக்கமும் வேண்டாம். பேசத் தோணும்போது விட்ட இடத்திலிருந்து பேசலாம்."

'மறந்துட்டியா', 'எத்தனை நாளாச்சு' இரண்டும் விளையாட்டுக்குக்கூட வேண்டாம். அப்புறம் இரண்டு வாரம் சும்மா இருங்கள். பிறகு அவர் ரசிக்கும் ஏதாவது ஒன்றை, ஒரு போட்டோவோ பாட்டோ, சும்மா அனுப்பலாம். நீலக் குறியைப் பார்த்துக் கணக்குப் போட ஆரம்பித்தால் அடுத்த மெசேஜில் அது தெரிந்துவிடும்.

ஆனால் வாழவே பிடிக்கவில்லை என்பதுபோல் முன்பு பேசியிருந்தாலோ, வேறு யாருக்கும் அவரிடமிருந்து தகவல் இல்லை என்றாலோ, இந்தப் பொறுமை எல்லாம் பொருந்தாது. இன்றே போன் செய்யுங்கள். எடுக்காவிட்டால் வீட்டாரிடம் சொல்லி யாராவது நேரில் போய்ப் பார்க்க வையுங்கள்.