கழி ஊன்றினால் மணல்: கடற்புல் கதைக்கு வந்த கேள்விகள்

பட்டுக்கோட்டைப் பக்கம் கடலோரத்தில் நிற்கும் மனோரா கோபுரத்துக்குப் பக்கத்துக் கரை என் ஊர். வேலை சேலத்தில், தாவரவியல் வாத்தியார். நான் எழுதிய ஒரு சிறுகதையைப் போன மாதம் அஸ்தம்பட்டியில் சில நண்பர்கள் கூடிப் படித்தார்கள். ஒரு சிறுமி தாத்தாவோடு வள்ளத்தில் போகிறாள். அவர் ஊன்றும் கழி புல்லில் இறங்கும் சத்தத்தைக் கேட்டு வளர்கிறாள். பல வருஷம் கழித்து அதே இடத்தில் கழி மணலில் இறங்குகிறது. கதை அவ்வளவுதான். கேள்விகள்தான் கதையைவிட நீளமாக வந்தன.

புல் என்கிறீர்களே, ராமேஸ்வரம் பக்கம் பெண்கள் முங்கி எடுக்கிற கடற்பாசிதானே அது? (பள்ளி ஆசிரியர், சூரமங்கலம்)

இரண்டும் ஒரே கடலில்தான் இருக்கின்றன, ஆனால் ஒன்றில்லை சார். பாசிக்கு வேர் கிடையாது. கல்லையோ பவளத்தையோ பிடித்துக்கொண்டு நிற்கும், தண்ணீரிலிருந்தே சத்தை உறிஞ்சும். கடற்புல்லை ஒரு கைப்பிடி பிடுங்கிப் பாருங்கள், உங்கள் வாசல் அருகம்புல் மாதிரியே கணுக்கணுவாக வெள்ளைத் தண்டு வரும், கணுவுக்குக் கணு வேர் இருக்கும். தண்ணீருக்கு அடியிலேயே பூத்துக் காய்க்கவும் செய்யும். அந்தத் தண்டு மண்ணுக்குள் பாய்போல் பின்னிக் கிடப்பதால்தான் அடியில் சேறு கலங்காமல் இருக்கிறது. ஓலைக்கால் நண்டும் ஓரா மீனும் அங்கேதான் ஒதுங்கும்.

தாத்தா ஊன்றலை எண்ணுவது கதைக்காகச் சேர்த்ததா? அதெல்லாம் ஒரு அளவா மேடம்? (கல்லூரி மாணவி, அயோத்தியாப்பட்டணம்)

சேர்க்கவில்லை, அப்படியே நடந்தது. மனோராவின் உச்சி இரட்டைப் பனைக்கு நடுவில் தெரிய வேண்டும். அந்தக் கோட்டை விடாமல் கரையிலிருந்து நேராகப் போவார். பள்ளிவாசல் மினார் தென்னந்தோப்பின் முனையைத் தொட்டால் போதுமான தூரம் வந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு குறி போகும் திசையைக் காட்டும், இன்னொன்று தூரத்தைச் சொல்லும். காற்று விழுந்த காலையில், அஷ்டமி நவமியை ஒட்டித்தான் பார்ப்பார். அப்போது ஏற்ற இறக்கம் குறைவு, கழி ஏறக்குறைய ஒரே ஆழத்தில் இறங்கும். 1994இல் நான் எண்ணினேன், பதினான்காவது ஊன்றலில் புல் தொடங்கியது. 2019இல் மாமா மகனோடு போனேன். நாற்பத்தொன்றாவது ஊன்றலில்தான் முதல் புல் தட்டியது.

ஆனால் ஒரு சிக்கல். 2018 நவம்பரில் கஜா அந்தத் தோப்பைச் சாய்த்துவிட்டது. பனை மட்டும் நின்றது. தூரக்குறி போய்விட்டதால், கையில் மிஞ்சியது எண்ணிக்கை மட்டும். மாமா மகன் தாத்தாவைவிட உயரம், அவன் ஊன்றல் நீளமாகத்தான் இருக்கும். அதனால் புல் பின்வாங்கியது என்பதை உறுதியாகச் சொல்வேன், இத்தனை மீட்டர் என்று சொல்ல மாட்டேன். நீங்கள் அளக்கப் போவதாக இருந்தால் 50 மீட்டர் கயிறு மூன்றை 25 மீட்டர் இடைவெளியில் போட்டு, ஐந்து மீட்டருக்கு ஒன்றாக அரை மீட்டர் சதுரச் சட்டத்தை வைத்து, உள்ளே எவ்வளவு பங்கு புல் என்று பாருங்கள். மொத்தம் 33 சட்டம். அடுத்த வருஷம் அதே மாதம், அதே இடம். மாதம் மாறினால் அந்தக் கணக்கை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

போன வருஷம் அந்தப் பக்கம் லோடு இறக்கப் போனப்போ கரை முழுக்கப் புல் ஒதுங்கிக் கிடந்துச்சு. அப்ப அழியுதுன்னுதானே அர்த்தம்? (லாரி ஓட்டுநர், சங்ககிரி)

பாதி சரி அண்ணே. வெறும் இலையாகக் கிடந்தால் பயப்பட வேண்டாம். மரம் இலை உதிர்ப்பது மாதிரி அதுவும் உதிர்க்கும், காற்று மாறும்போது மூட்டை மூட்டையாகக் கரையேறும். குனிந்து நாலைந்து கொத்தை எடுத்துப் பாருங்கள். வெள்ளைத் தண்டும் வேரும் சேர்ந்து வந்திருந்தால் எதுவோ அடியோடு பிடுங்கியிருக்கிறது. சிறுவயதில் நான் அந்தக் குவியலில்தான் குதித்து விளையாடினேன், வேரைப் பார்த்ததாக நினைவில்லை. 2019இல் நான் எடுத்த கொத்துகளில் வேரில்லாததைத் தேட வேண்டியிருந்தது. அதைத்தான் கதையின் கடைசிப் பத்தியில் எழுதினேன்.

இழுவைமடிக்காரர்கள்தான் காரணம் என்று நேராக எழுதாமல் ஏன் நழுவினீர்கள்? (ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், ஆத்தூர்)

நழுவவில்லை ஐயா, தெரிந்த அளவுக்குத்தான் எழுதினேன். புல் எந்த ஓரத்தில் குறைகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஆழத்து ஓரம் கரையை நோக்கிச் சுருங்கினால் தண்ணீர் கலங்கி வெளிச்சம் போதவில்லை. நடுவில் நீளநீளமாகக் கிழிந்திருந்தால் மடி வலையோ இன்ஜின் விசிறியோ ஓடியிருக்கும். எங்கள் ஊரில் புல் விலகியது கரையோரத்தில். கஜா அங்கே சேற்றைக் கொண்டுவந்து அப்பியது, நானே முழங்கால் புதைய நடந்தேன். ஆனால் புயலுக்கு முன்பே புல் விலகத் தொடங்கிவிட்டது என்று மாமா அடித்துச் சொல்கிறார். கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு மடி இழுக்கக் கூடாது என்று சட்டம் இருந்தும் ராத்திரியில் வருவார்கள் என்பார். இதில் எது எவ்வளவு பங்கு என்று பிரிக்க, புயலுக்கு முன்னால் யாராவது அளந்து வைத்திருக்க வேண்டும். தாத்தாவின் எண்ணிக்கையைத் தவிர எங்கள் ஊரில் வேறு கணக்கு கிடையாது.

இன்னொன்று, எல்லா வெற்றுக் கோடும் சேதமில்லை. கடல் பசு, எங்கள் பக்கம் ஆவுளியா என்பார்கள், புல்லை வேரோடு மேய்ந்துகொண்டே போகும். ஒரு சாண் அகலத்துக்கு வளைந்து வளைந்து மணல் தடம் தெரியும். அது மறுபடி மூடிக்கொள்ளும். தாத்தா அந்தத் தடத்தைக் காட்டியிருக்கிறார். ஆவுளியாவை நான் ஒருநாளும் பார்த்ததில்லை, அதனால்தான் கதையிலும் அது வரவில்லை.

எங்க தோட்டத்துக் குட்டையில ஆகாயத்தாமரை மூடிருச்சு. புல்லை எடுக்கக் கூடாதுங்கிறீங்க, அப்ப இதையும் விட்டுடலாமா டீச்சர்? (காப்பித் தோட்டம், ஏற்காடு)

ஐயோ, தாராளமாக எடுங்கள்! அது மேலே மிதந்து கீழே இருட்டாக்குவது, நான் சொல்வது அடியில் வெளிச்சத்துக்கு ஏங்குவது. எடுத்ததைக் குட்டை ஓரத்திலேயே குவித்து வைக்காதீர்கள், முதல் மழைக்கே திரும்பி இறங்கிவிடும்.

சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சாயக்கழிவோடு காவிரியில் சேர்கிறது. உங்கள் ஊர்ப் புல்லைக் கொன்றது நாம்தானா? (நெசவாளர், அம்மாப்பேட்டை)

இந்தக் கேள்வி என்னை ரெண்டு நாள் தூங்க விடவில்லை. காவிரித் தண்ணீர் கல்லணைக் கால்வாய் வழியாகப் பட்டுக்கோட்டைப் பக்கம் வயல்களுக்கு வருகிறது, வடிகால் எங்கள் கடலில் விழுகிறது. வழி இருப்பது உண்மை. ஆனால் நடுவில் எத்தனையோ ஊர், எத்தனையோ வயல். கடைசி வயலின் உரம் வடிந்து வந்தாலே போதும், புல் இலைமேல் வழுவழுப்பாகப் பாசி படர்ந்து வெளிச்சத்தை மறைத்துவிடும். 2019இல் நான் தொட்ட இலைகளில் அது இருந்தது. அம்மாப்பேட்டைச் சாயம் அதில் உண்டா என்று இலையைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது.

திரும்ப நட முடியாதா அக்கா? (பன்னிரண்டாம் வகுப்பு, மேட்டூர்)

முடியும். மூங்கில் சட்டத்தில் கயிறு கட்டி, கணுவோடு எடுத்த தண்டுகளை அதில் முடிந்து கடலடியில் ஊன்றுகிறார்கள். சேறு இன்னும் விழுந்துகொண்டிருந்தால் சட்டத்தோடு புதைந்துபோகும். தானாகவும் வரும், ஆனால் முதலில் வருவது கட்டை விரல் நகம் அளவுள்ள சின்ன இலை வகை, மாதக்கணக்கில் பரவிவிடும். தாத்தாவின் கழியில் உரசியது நாடா மாதிரி நீள இலை. அது ஊர்ந்து வர வருஷக்கணக்காகும். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது முப்பதாவது ஊன்றல் பக்கம் பச்சையாகத் தெரிந்தது. மாமா மகன் துள்ளிக் குதித்தான். இறங்கிக் கையைவிட்டுப் பார்த்தேன். சின்ன இலைதான்.