பேலன்ஸ் ஷீட்டில் எந்த எண்களை எடுப்பது?

கேள்வி: ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையை டவுன்லோடு செய்தேன், 300 பக்கத்துக்கு மேல் இருக்கிறது. பேலன்ஸ் ஷீட்டைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. முதலீட்டுக்கு நான் புதியவன். அதில் எந்த எண்களை எடுக்க வேண்டும், கம்பெனி எந்தப் பக்கம் போகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு வருட பேலன்ஸ் ஷீட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எத்தனை முறை படித்தாலும் பெரிதாக எதுவும் பிடிபடாது. கணக்கு ஆண்டு முடிகிற அந்த ஒரு நாளில் கம்பெனியிடம் என்ன இருந்தது, யாருக்கு எவ்வளவு தரவேண்டியிருந்தது என்பதுதான் அது. நேற்று என்ன, நாளை என்ன என்பது அதில் கிடையாது. ஆகவே முதல் வேலை, ஐந்து வருடக் கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது. ஒவ்வொரு அறிக்கையிலும் நடப்பு ஆண்டு, முந்தைய ஆண்டு என்று இரண்டு பத்திகள் இருக்கும். எனவே மூன்று அறிக்கைகள் போதும்.

அறிக்கையில் பேலன்ஸ் ஷீட் இரண்டு இடத்தில் இருக்கும். ஒன்று தாய்க் கம்பெனிக்கு மட்டுமானது (ஸ்டாண்டலோன்), இன்னொன்று துணைக் கம்பெனிகளையும் சேர்த்தது (கன்சாலிடேட்டட்). இரண்டாவதை எடுங்கள். சில கம்பெனிகள் கடனையெல்லாம் துணைக் கம்பெனியில் வைத்திருக்கும். தாய்க் கம்பெனியின் கணக்கு மட்டும் பளிச்சென்று இருக்கும்.

சரி, எந்த எண்கள்? நான் ஏழு வரிகளைத்தான் எடுக்கிறேன். அதில் ஒன்று, விற்பனை, லாப நட்டக் கணக்கிலிருந்து வருவது. நான் தொடங்கிய காலத்தில் விற்பனையும் லாபமும் ஏறுகிறதா என்று மட்டும் பார்த்து ஒரு பங்கை வாங்கினேன். அந்தக் கம்பெனியை வைத்தே சொல்கிறேன். பெயர் வேண்டாம். கணக்கு எளிதாக இருக்க எண்களை மாற்றியிருக்கிறேன், போக்கு அதேதான். எல்லாம் கோடியில். நடு வருடங்களைச் சுருக்கத்துக்காக விட்டுவிட்டேன்.

| | 1ஆம் ஆண்டு | 3ஆம் ஆண்டு | 5ஆம் ஆண்டு |
|---|---|---|---|
| விற்பனை | 800 | 960 | 1200 |
| வரவேண்டிய பாக்கி | 110 | 170 | 296 |
| சரக்கிருப்பு | 120 | 150 | 230 |
| கொடுக்கவேண்டிய பாக்கி | 90 | 105 | 130 |
| மொத்தக் கடன் | 100 | 180 | 340 |
| ரொக்கம் | 60 | 50 | 40 |
| பங்குதாரர் நிதி | 400 | 480 | 590 |

வரவேண்டிய பாக்கி என்பது டிரேட் ரிசீவபிள்ஸ். சரக்கை விற்று பில் போட்டாகிவிட்டது, பணம் இன்னும் வரவில்லை. கொடுக்கவேண்டிய பாக்கி அதன் மறுபக்கம், டிரேட் பேயபிள்ஸ். மொத்தக் கடனை ஒரே வரியில் தேடாதீர்கள். நீண்ட காலக் கடன் ஓரிடத்திலும், 12 மாதத்துக்குள் கட்டவேண்டியது இன்னோரிடத்திலும் இருக்கும். இரண்டையும் கூட்ட வேண்டும். பங்குதாரர் நிதி என்பது முதலாளிகள் போட்ட பணமும், இதுவரை சேர்த்துவைத்த லாபமும்.

விற்பனை நான்கு வருடத்தில் 800-லிருந்து 1200 ஆகியிருக்கிறது. 50 சதவீத ஏற்றம். லாபமும் 48-லிருந்து 78 ஆனது. நான் அதோடு நிறுத்திக்கொண்டு வாங்கிவிட்டேன். அடுத்த வரியைப் பாருங்கள். வரவேண்டிய பாக்கி 110-லிருந்து 296. விற்பனை ஒன்றரை மடங்கு, பாக்கி இரண்டே முக்கால் மடங்கு. இதை நாளாக மாற்றினால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

```
=B3/B2*365
```

B2-வில் விற்பனை, B3-யில் வரவேண்டிய பாக்கி. முதல் ஆண்டில் 50 நாள், மூன்றாம் ஆண்டில் 65, ஐந்தாம் ஆண்டில் 90. அதாவது விற்ற சரக்குக்குப் பணம் வர முன்பு ஒன்றரை மாதத்துக்குச் சற்று மேல் ஆனது, இப்போது மூன்று மாதம் ஆகிறது.

சரக்கிருப்புக்கும் இதையே செய்யலாம். ஆனால் விற்பனையால் வகுக்காமல், விற்ற சரக்கின் அடக்க விலையால் வகுக்க வேண்டும். சரக்கிருப்பு அடக்க விலையில்தான் கணக்கில் இருக்கும் என்பதால். இந்தக் கம்பெனியில் அது 78 நாளிலிருந்து 100 நாள் ஆகியிருந்தது. குடோனிலும் சரக்கு தேங்குகிறது, வெளியே போன சரக்குக்கும் பணம் வரவில்லை. ஆனால் கம்பெனி தனக்குச் சரக்கு தருபவர்களுக்கு முன்பு எத்தனை நாளில் பணம் கொடுத்ததோ ஏறத்தாழ அத்தனை நாளில்தான் கொடுத்துக்கொண்டிருந்தது. நடுவில் விழும் பள்ளத்தை யார் நிரப்புவது?

இந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். வரவேண்டிய பாக்கியையும் சரக்கிருப்பையும் கூட்டி, கொடுக்கவேண்டிய பாக்கியைக் கழியுங்கள். முதல் ஆண்டில் 140, ஐந்தாம் ஆண்டில் 396. தொழிலுக்குள் மாட்டிக்கொண்ட பணம் 256 கோடி கூடியிருக்கிறது. அப்புறம், கடனிலிருந்து ரொக்கத்தைக் கழியுங்கள். முதல் ஆண்டில் 40, ஐந்தாம் ஆண்டில் 300. நிகரக் கடன் 260 கோடி கூடியிருக்கிறது. 256-உம் 260-உம். வங்கியில் வாங்கிய கடன் புதிய இயந்திரத்துக்குப் போகவில்லை, வாடிக்கையாளர்களுக்குக் கடனாகவும் குடோனில் சரக்காகவும் போயிருக்கிறது என்பதுதான் இதன் பொருள். லாபத்தில் மிச்சம் பிடித்தது இயந்திரத்துக்கும் கட்டடத்துக்கும் போயிருந்தது. எல்லாக் கம்பெனியிலும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தாது. ஆனால் இரண்டும் சேர்ந்தே ஏறினால் கவனியுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஒரு வருடத்துக்குள் பணமாகவேண்டிய நடப்புச் சொத்தை, ஒரு வருடத்துக்குள் கட்டவேண்டிய நடப்புப் பொறுப்பால் வகுத்து வரும் கரண்ட் ரேஷியோ ஒன்றரைக்கு மேல் இருந்தால் நல்லது என்று புதியவர்களுக்குச் சொல்லித் தருவார்கள். இந்தக் கம்பெனிக்கு ஐந்தாம் ஆண்டில் அது 1.7. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நடப்புச் சொத்து 566 கோடியில் ரொக்கம் 40 கோடிதான், மீதி எல்லாம் வராத பணமும் விற்காத சரக்கும். ஒரு வருடத்துக்குள் கட்டவேண்டிய கடன் மட்டும் 200 கோடி. பாக்கி வராமல் சேரச் சேர இந்த விகிதம் அழகாகத் தெரியும் என்பது வேடிக்கை.

எண்ணை எடுத்ததும் பேலன்ஸ் ஷீட்டில் அந்த வரிக்குப் பக்கத்தில் இருக்கும் குறிப்பு எண்ணைப் பிடித்துப் பின்னால் போங்கள். விஷயம் நோட்ஸில்தான் இருக்கிறது. வரவேண்டிய பாக்கிக்கான குறிப்பில் பல கம்பெனிகள் வயது வாரியான பட்டியல் தரும். எவ்வளவு இன்னும் கெடு தாண்டவில்லை, எவ்வளவு ஆறு மாதம் தாண்டியது, எவ்வளவு ஒரு வருடம் தாண்டியது என்று. நான் வைத்திருந்த கம்பெனியில் ஆறு மாதத்துக்கு மேல் தாண்டிய பாக்கி 70 கோடி. அதற்கு வாராக்கடன் ஒதுக்கீடாக வைத்திருந்தது 6 கோடி. அந்த 70 வராமலே போனால் மீதி 64 கோடியை லாபத்திலிருந்து கழிக்க வேண்டும். அந்த வருட லாபமே 78 கோடி. இதெல்லாம் அச்சடித்து என் மேஜையில் இருந்தது, நான்தான் அந்தப் பக்கம் வரை போகவில்லை.

நாள் கணக்கு கூடினாலே தில்லுமுல்லு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஆண்டு முடிவதற்கு இரண்டு மாதம் முன்பு இன்னொரு கம்பெனியை வாங்கியிருந்தால், அதன் பாக்கி முழுவதும் பேலன்ஸ் ஷீட்டுக்கு வந்துவிடும், விற்பனையோ இரண்டு மாதத்துடையது மட்டும்தான் வரும். நாள் கணக்கு சும்மாவே ஏறிவிடும். மெதுவாகப் பணம் தரும் அரசுத் துறைகளுக்கு விற்கத் தொடங்கியிருந்தாலும் ஏறும். காரணம் நிர்வாகத்தின் விளக்க அறிக்கையில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வார்த்தைகூட இல்லை என்றால் எனக்குச் சந்தேகம் வரும்.

மறுபுறம், எண் நன்றாக இருந்தாலும் நம்பிவிட முடியாது. கடைசி நாள் நிலவரம்தானே, அதற்கு முந்தைய வாரம் வீட்டைப் பெருக்கிவைக்கலாம். வரவேண்டிய பாக்கியை வங்கியிடம் தள்ளுபடிக்கு விற்றுவிட்டு அந்தப் பணத்தில் கடனை அடைத்தால், இரண்டு வரியும் ஒரே நாளில் சுருங்கிவிடும். இதைப் பிடிக்க நான் வட்டியைப் பார்க்கிறேன். வட்டிச் செலவு லாப நட்டக் கணக்கில் இருக்கும். அது வருடம் முழுவதுக்குமானது, ஒரு நாளுக்கானது அல்ல. இந்தக் கம்பெனியின் கடன் நான்காம் ஆண்டு முடிவில் 290, ஐந்தாம் ஆண்டு முடிவில் 340, சராசரி 315. வட்டி விகிதம் ஏறத்தாழ 9 சதவீதம் என்று குறிப்பில் இருந்தது. அப்படியானால் வட்டி 28 கோடி வாக்கில் வரவேண்டும். கட்டியிருந்ததோ 42 கோடி. 9 சதவீதத்தில் 42 கோடி வட்டி வர, வருடம் நெடுகச் சராசரியாக 467 கோடி கடன் இருந்திருக்க வேண்டும். வட்டிச் செலவில் குத்தகை வட்டியும் வங்கிக் கட்டணமும் கலந்திருக்கலாம் என்பதால் சின்ன வித்தியாசத்தை விட்டுவிடுவேன். இது சின்ன வித்தியாசம் இல்லை.

மூன்று அறிக்கையில் வேலை முடியும் என்றேன், அதில் ஒரு குறை உண்டு. ஐந்தாம் ஆண்டு அறிக்கையில் இருக்கும் முந்தைய ஆண்டு பத்தியும், நான்காம் ஆண்டின் சொந்த அறிக்கையும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க முடியாது. சில சமயம் பழைய எண்ணைத் திருத்தி அச்சிட்டிருப்பார்கள். பணம் போடத் தீர்மானித்த கம்பெனிக்கு மட்டுமாவது ஐந்து அறிக்கைகளையும் எடுத்து ஒப்பிடுங்கள்.

வங்கி, காப்பீட்டுக் கம்பெனி பங்கு என்றால் மேலே சொன்ன எதையும் போட்டுப் பார்க்காதீர்கள். வங்கியைப் பொறுத்தவரை அது கொடுத்த கடன்தான் சொத்து, வாங்கிய டெபாசிட்தான் பொறுப்பு. அதைப் படிக்கும் வழி வேறு.

என் கம்பெனி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஆறாம் ஆண்டில் 58 கோடி பாக்கியை வராது என்று எழுதித் தள்ளினார்கள். பங்கு விலை அறிவிப்புக்கு முன்பே இறங்க ஆரம்பித்துவிட்டது, நான் அறிவிப்புக்குப் பிறகுதான் விற்றேன்.